மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு: 250-இல் 208 போனால் மீதி எவ்வளவு?

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். வெள்ளிக்கிழமை தோறும் நான் கொடுத்தனுப்பும் தாள் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. இந்த வாரம் நீண்டுவிட்டது. திங்கள்கிழமை வகுப்பில் நான் வாயால் சொன்ன ஒரே ஒரு கணக்குதான் காரணம். பக்கத்து லைனில் வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு மூன்று பேரும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் அக்காவோ அண்ணனோ வாசித்துக் காட்டட்டும்.

மற்றப் பாடங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தமிழில் இந்த வாரம் ல, ள, ழ. நம் ஊரில் இருந்துகொண்டு ‘மலையில் மழை’ என்று எழுத வராவிட்டால் எப்படி? பாதிப் பேர் ‘மளை’ என்று எழுதுகிறார்கள். வாயில் சரியாக வந்தால்தான் கையில் வரும். எனவே எழுதச் சொல்வதற்கு முன்னால் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். வியாழக்கிழமை பத்துச் சொற்கள் சொல்வேன், எழுத வேண்டும். சூழ்நிலையியலில் இலைகளின் வடிவம் பார்க்கிறோம். சில்வர் ஓக், யூகலிப்டஸ், கொய்யா என்று எது கிடைத்தாலும் ஆளுக்கு மூன்று இலை கொண்டு வரட்டும். ஆனால் மருந்து அடித்த தோட்டத்துத் தேயிலை வேண்டாம், அதைத் தொட்ட கையோடு பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் போன வாரம் படித்ததையே திரும்பப் படித்தோம், புதிதாக ஒன்றும் இல்லை.

இப்போது அந்தக் கணக்கு.

குன்னூர் வழியாகப் போகும் ரயிலின் ஊதல் சத்தம் நம் வகுப்பறைக்குள் கேட்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை அந்தப் பாதையில் 250 பாலங்கள், 208 வளைவுகள், 16 குகைகள். பிள்ளைகளுக்கு இது பிடித்த செய்தி. குகைக்குள் போகும்போது கத்துவதைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார்கள். சரி, சூட்டோடு சூடாகக் கேட்போம் என்று, “பாலம் இருநூற்று ஐம்பது, வளைவு இருநூற்று எட்டு. வளைவைவிடப் பாலம் எத்தனை அதிகம்?” என்றேன். கரும்பலகையில் எழுதவில்லை, காதால் கேட்டுத்தான் எழுதினார்கள்.

விடை 42. வகுப்பில் 21 பேர். 42 எழுதியவர்கள் ஆறு பேர். ஏழு பேர் 58 எழுதினார்கள், மூன்று பேர் 50, நான்கு பேர் 52. ஒரு பையன் மட்டும் 2258 எழுதியிருந்தான்.

முன்பெல்லாம் நான் இந்தப் பதினைந்து தாள்களிலும் சிவப்பில் ஒரு கோடு இழுத்து, “பத்துத் தடவை எழுதிட்டு வா” என்று அனுப்பியிருப்பேன். ஆனால் இந்த நான்கு தவறான விடைகளும் நான்கு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. எந்த விடை வந்திருக்கிறது என்று பார்த்தாலே பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் பிள்ளையின் நோட்டைத் திறந்து, அங்கே என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

58 எழுதிய பிள்ளை ஒன்றாம் இடத்தில் 0-வையும் 8-ஐயும் பார்க்கிறது. 0-வில் 8 போகாது. அதனால் 8-இல் 0-வைக் கழித்து 8 போட்டுவிடுகிறது. அடுத்து 5-இல் 0 போக 5. “பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்” என்று ஒன்றாம் வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது உண்மையாகவே பின்பற்றுகிறது. எது மேலே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எது பெரிது என்றுதான் பார்க்கிறது. இதே பிள்ளையிடம் 52-இல் 27 கேட்டால் 35 என்று சொல்லும். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், 35 வந்தால் இதுதான் கோளாறு.

50 எழுதிய பிள்ளைக்கு வேறு யோசனை. கையில் ஒன்றும் இல்லை, எட்டு கேட்கிறார்கள், இல்லாததிலிருந்து என்ன கொடுப்பது, பூஜ்யம்தான். யோசித்துப் பார்த்தால் இதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

52 எழுதிய நான்கு பேருக்கு முறை கிட்டத்தட்ட தெரியும். பக்கத்து இடத்திலிருந்து ஒரு பத்தை எடுத்து, 10-இல் 8 போக 2 என்று சரியாகப் போட்டார்கள். ஆனால் 5-இலிருந்து ஒன்று எடுத்தோமே, அது 4 ஆக வேண்டுமே என்பது மறந்துவிட்டது. இவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

அப்புறம் அந்த 2258. அதைப் பார்த்தவுடன், “அதிகம்” என்ற சொல்லைக் கேட்டுக் கூட்டிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்காரவைத்து, “இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லிக் கொடு” என்றேன். அவன் கூட்டவில்லை. இருநூற்று எட்டு என்று நான் சொன்னதும் 2008 என்று எழுதியிருக்கிறான். அது பெரிய எண் என்பதால் அதை மேலே வைத்து, 250-ஐக் கீழே வைத்து, ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். நான்கு இடத்திலும் அவன் கணக்கு ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. கேட்காமல் இருந்திருந்தால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வித்தியாசம் தெரியாத பையன் என்று முடிவு கட்டியிருப்பேன்.

2008 எங்கிருந்து வந்தது? நம் தமிழிலிருந்துதான். இருநூறு என்றால் 200 என்று அவனுக்குத் தெரியும். எட்டு என்றால் 8. காதில் விழுந்த வரிசையிலேயே 200 எழுதி, பக்கத்தில் 8 போட்டான். கேட்டதை அப்படியே எழுதினால் அப்படித்தான் வரும். நூற்று ஒன்பதை 1009 என்று எழுதுகிறவர்கள் வகுப்பில் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். இதைவிடக் குழப்பம் ஒன்பதில். எண்பது 80, ஆனால் தொண்ணூறு 90. பெயரில் ‘நூறு’ கேட்கிறது, எண்ணில் நூறு கிடையாது. எண்ணூறும் தொண்ணூறும் காதுக்கு ஒரே மாதிரி, ஒன்று 800, இன்னொன்று 90. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ கேட்கிறது, எழுதினால் 900. பெரியவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு பள்ளம்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரே அளவு சதுரங்களாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று சதுர நீளத்தில் ஒரு துண்டு வெட்டி, சதுரத்துக்கு ஒரு இலக்கமாக 200 என்று எழுதுங்கள். இரண்டு சதுர நீளத்தில் 50. ஒரு சதுரத்தில் 8. இருநூற்று எட்டு என்றால் 200 துண்டின் மேல் 8 துண்டை வலது ஓரம் சேரும்படி வைக்க வேண்டும். கடைசிப் பூஜ்யம் மறைந்து 208 தெரியும். அந்தப் பூஜ்யம் எங்கே போனது என்று கேட்டால், 8-ஐத் தூக்கிப் பார்த்து “அடியில இருக்கு” என்பார்கள். 2008 எழுதிய பையன் புதன்கிழமை இதைச் செய்தான். மூன்றாவது முறை அட்டையைத் தொடவே இல்லை, மேலே வைப்பது போல விரலை மட்டும் வைத்துவிட்டு 305 என்று சரியாக எழுதினான். வீட்டில் படுக மொழியிலோ வேறு எதிலோ எண்ணுகிறவர்கள் அந்த மொழியிலேயே எண்ணைச் சொல்லி அட்டையை வைக்கச் சொல்லுங்கள், ஒரு தடையும் இல்லை.

இனி கழித்தலுக்கு வருகிறேன். இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது “பக்கத்து வீட்டுல கடன் வாங்கு” என்று சொல்லாதீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு பெண் எழுந்து, “ஒண்ணு கடன் கேட்டா பத்து குடுக்கிறாங்களே, அப்படி யாரு டீச்சர் குடுப்பா? திருப்பியும் குடுக்கிறதில்ல” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. கழித்தலில் யாரும் கடன் வாங்குவதில்லை. புத்தகத்தில் இதற்கு ‘இனமாற்றம்’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால், சில்லறை மாற்றுவது.

ஒரு நாள் ராத்திரி பத்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள். நூறு ரூபாய்த் தாள் இரண்டு, பத்து ரூபாய் ஐந்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். நிஜப் பணம் இல்லாவிட்டால் காகிதத்தில் எழுதி வெட்டிக்கொள்ளலாம், ஒரு ரூபாய்க்கு அவரைக்கொட்டை போதும். இப்போது பிள்ளையிடம் 250 ரூபாய் இருக்கிறது. நீங்கள் கடைக்காரர். “208 ரூபாய் ஆச்சு, குடு” என்று கேளுங்கள். இரண்டு நூறு சுலபமாக வந்துவிடும். மீதி எட்டு ரூபாய்க்குப் பிள்ளை கையைப் பார்க்கும். பத்து ரூபாயாகத்தான் இருக்கிறது, சில்லறை இல்லை. பேசாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே “பத்துக்குச் சில்லறை இருக்கா?” என்று கேட்கும். பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு பத்து அவரைக்கொட்டை கொடுங்கள். எட்டைத் தந்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் நான்கு பத்து, இரண்டு கொட்டை. 42.

அவசரப்பட்டு நீங்களே மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பத்து ரூபாயைத் தன் கையால் நீட்டிய பிள்ளைக்கு ஐந்து பத்து இப்போது நான்குதான் என்பது மறக்காது. 52 எழுதியவர்களுக்கு வேண்டியது அதுதான். 50 எழுதியவர்களுக்கும், சில்லறை இல்லை என்றால் பணமே இல்லை என்று அர்த்தமில்லை என்பது அங்கே புரிந்துவிடும்.

பணத்தில் செய்த பிறகு அதே கணக்கை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்தைக் கொடுக்கும்போது 5-ஐ அடித்து மேலே 4 போடட்டும், சில்லறை வாங்கும்போது 0-வின் தலையில் 10 போடட்டும். கை செய்ததும் பேனா செய்ததும் ஒன்று என்று தெரிய வேண்டும். சில வீடுகளில் பணத்தில் நன்றாகச் செய்கிறவர்கள் நோட்டில் பழையபடி 58 எழுதுகிறார்கள். அப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அடியாகத் திரும்பச் செய்ய வேண்டும்.

தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கழித்தல் என்ற சொல்லை நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கு வருவதற்கு முன்பே கேட்டது கொழுந்து எடை போடும் இடத்தில். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். எடைச் சீட்டு வீட்டில் இருந்தால் கழிவுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கேளுங்கள். சீட்டில் இருக்கும் எண்ணோடு தன் விடை ஒத்துப்போனால் வரும் சந்தோஷம், நான் போடும் சரி குறியில் வருவதில்லை. ஒத்துப்போகாவிட்டால் அது வேறு கதை, அதை நீங்கள் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடமே போகாத பாட்டிகள் சிலர், “எனக்கு என்ன தெரியும் டீச்சர்” என்கிறார்கள். அவர்களுக்காக என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் 100-இல் 63 போக 37 என்று சரியாக எழுதியிருந்தான். ஆனால் கீழே கோடு போட்டுக் கழிக்கவில்லை. 63, 65, 70, 100 என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் 2, 5, 30 என்று போட்டிருந்தான். நான் சொல்லிக்கொடுத்த முறை இல்லை என்று அடித்துவிட்டேன். மறுநாள் அவன் பாட்டி வந்தார். பெட்டிக்கடை வைத்திருந்தவர். “நாப்பது வருசமா இப்படித்தாம்மா சில்லற குடுக்கிறேன். கொறையுதுன்னு ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல” என்றார். அன்றைக்கே அந்த நோட்டை வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

அந்தப் பாட்டியின் வழி முழுக்கச் சரி. 208-லிருந்து 210-க்கு 2, அங்கிருந்து 250-க்கு 40, மொத்தம் 42. சில்லறை மாற்றும் வேலையே இல்லை. இரண்டு எண்ணும் அருகருகே இருந்தாலோ, 100, 500 மாதிரி முழு நூறுகளிலிருந்து கழித்தாலோ இதுதான் வேகம், தவறும் குறைவு. 431-இல் 48 என்பது போலத் தூரம் அதிகமாக இருந்தால் நடுவில் நிற்கும் இடங்கள் கூடிவிடும். 2, 50, 331 என்று மூன்றையும் கூட்டி 383-க்கு வர வேண்டும், அந்தக் கூட்டலில் சிலர் இடறுவார்கள். அதனால் இரண்டும் தெரிந்திருக்கட்டும். பாட்டிமார்கள் கூச்சப்படாமல் தங்கள் வழியைச் சொல்லிக்கொடுங்கள். டீச்சர் திட்ட மாட்டார்.

வருகிற செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளையில் கழித்தல் தேர்வு. எட்டுக் கணக்குகள், அரை மணி நேரம். நான்கு கணக்குகள் 52-இல் 27 மாதிரி, மூன்று கணக்குகள் 250-இல் 208 மாதிரி, ஒன்று கதைக் கணக்கு. கதைக் கணக்கில் “அதிகம்” என்ற சொல் வரும், ஆனால் அது கழித்தல்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏமாற்றுவது என் நோக்கம் இல்லை. விடைக்குப் பாதி மதிப்பெண், எப்படி வந்தது என்று காட்டுவதற்குப் பாதி. கோடு போட்டுக் கழித்தாலும் சரி, பெட்டிக்கடைப் பாட்டியின் வழியில் ஏறினாலும் சரி, வழியை எழுதியிருக்க வேண்டும். வெறும் விடை மட்டும் இருந்தால் எங்கே இடறியது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். மழைக்காகக் கலெக்டர் லீவு விட்டால் பள்ளி திறக்கும் நாளில் தேர்வு.

403-இல் 168 மாதிரி நடுவில் பூஜ்யம் வரும் கணக்கு இந்தத் தேர்வில் இல்லை. அண்ணன், அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து இப்போதே பழக்க வேண்டாம். அங்கே பத்து ரூபாயே இருக்காது. நூறு ரூபாயைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை மறுபடியும் சில்லறையாக மாற்ற வேண்டும், இரண்டு முறை கடைக்குப் போகிற வேலை. நமக்கெல்லாம் “நடுவில் பூஜ்யம் வந்தால் ஒன்பது போடு” என்று மட்டும் சொன்னார்கள், ஏன் ஒன்பது என்று சொல்லவில்லை. பத்துப் பத்தில் ஒன்றை மாற்றியாயிற்று, மிச்சம் ஒன்பது, அவ்வளவுதான். ஒரு முறை மாற்றுவது கைக்கு வந்த பிறகு, அடுத்த வாரம் இதை வகுப்பில் பணம் வைத்தே செய்வோம்.

வீட்டில் இருபது கணக்கு போட வைக்காதீர்கள். தப்பான வழியில் இருபது போட்டால் தப்பான வழிதான் பழகும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். போட்டு முடித்ததும் சரியா தப்பா என்று சொல்லாமல், “எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். சரியான விடைக்கும் அதையே கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்து உடனே அழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அழித்தால் எனக்குத் தடயம் போய்விடும். தவறு இருந்தால் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பச் செய்யட்டும். விடையைச் சரிபார்க்கக் கைப்பேசி வேண்டாம். 42-ஐயும் 208-ஐயும் கூட்டிப் பார்க்கட்டும், 250 வந்தால் சரி. 58 எழுதிய பிள்ளை 58-ஐயும் 208-ஐயும் கூட்டினால் 266 வரும். கையில் இருந்ததே 250 ரூபாய்தான் என்று அதற்கே உறைக்கும்.

திங்கள்கிழமை பிள்ளைகளை அனுப்பும்போது, வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றும் ஒரு கைப்பிடி அவரைக்கொட்டையும் பையில் போட்டு அனுப்புங்கள். பத்திரிகை ஜிகினா ஒட்டியதாக இருக்க வேண்டாம், பென்சில் எழுத மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு டீச்சர்